குடிசை வரி: ஊர்த் தலைவர் அவையில் பேசுகிறார்

இந்த அத்தியாயத்தின் நடிப்புப் பயிற்சி 1898 ஜனவரியில், மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் நடக்கிறது. வகுப்பில் 8 பேர் நடித்தால் போதும். ஒருவர் ஊர்த் தலைவர், மற்ற ஏழு பேர் அவர் அழைத்திருக்கும் பெரியவர்கள். தலைவர் நான்கு ஐந்து நிமிடம் பேசுவார். அதன்பிறகு அரை மணி நேரம் அவை விவாதிக்கும். பயிற்சி தேறுமா தேறாதா என்பது அந்த முதல் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதனால் இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி அந்தப் பேச்சைப் பற்றியதுதான்.

முதலில் பின்னணி. கடற்கரையில் உள்ள ஃப்ரீடவுன் நெடுங்காலமாக பிரிட்டிஷ் குடியேற்றம். உள்நாடோ டெம்னே, மெண்டே முதலிய மக்களின் தலைவர்கள் கையில் இருந்தது. 1896 ஆகஸ்டில் பிரிட்டன் அந்த உள்நாட்டையும் தன் பாதுகாப்புக்கு உட்பட்ட பகுதி என்று அறிவித்து, மாவட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அதிகாரியை அமர்த்தியது. பெரிய வழக்குகள் தலைவர்களிடமிருந்து அந்த அதிகாரியிடம் போயின. வழக்கோடு சேர்ந்து அபராத வருமானமும் போயிற்று. அடிமை வியாபாரம் தடை செய்யப்பட்டது. இந்த நிர்வாகத்துக்கு ஆகும் செலவை உள்நாட்டு மக்களே தர வேண்டும் என்றார் கவர்னர் ஃபிரெடெரிக் கார்டூ. அதற்காக வந்ததுதான் வீட்டுக்கு இவ்வளவு என்று போடப்பட்ட குடிசை வரி. முதலில் பெரிய வீட்டுக்கு 10 ஷில்லிங், சிறிய வீட்டுக்கு 5 ஷில்லிங் என்று திட்டமிட்டார்கள். எதிர்ப்பு வந்தபின் 5 ஷில்லிங்காகக் குறைத்து, 1898 ஜனவரி 1 முதல் வசூல் என்று அறிவித்தார்கள். டெம்னே தலைவர்கள் இதற்கு எதிராக ஃப்ரீடவுனுக்கு மனு கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை.

நம் ஊர் கற்பனை ஊர். வடக்கே கரேனே மாவட்டத்தில், போர்ட் லோக்கோ சந்தைக்கு நடந்து போய் வரும் தூரத்தில் இருக்கிறது. 42 வீடுகள். அறுவடை முடிந்து நெல் வீடு வந்து சேர்ந்திருக்கிறது. மழைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. காட்டை வெட்டி எரித்து அடுத்த விதைப்புக்கு நிலம் தயார் செய்ய வேண்டிய பருவம்.

பேச்சை எழுத உட்காரும் முன் ஒரு கணக்குப் போட வேண்டும். மாணவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் இடம் இது. 42 வீட்டுக்கு 5 ஷில்லிங் வீதம் 210 ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுன். ஆக ஊர் தர வேண்டியது 10 பவுன் 10 ஷில்லிங். வசூலித்துக் கொடுக்கும் தலைவருக்கு ஒரு சிறு கழிவு உண்டு. நடிப்புக்காக அதை வீட்டுக்கு 3 பென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங் என்பதால் 42 வீட்டுக்கு 10 ஷில்லிங் 6 பென்ஸ் வரும். அதாவது தலைவர் தன் இரண்டு வீட்டுக்கு வரி கட்டிவிட்டு ஆறு பென்ஸை மிச்சமும் பிடிக்கலாம். ஊர் ஒரு பெரும் தொகையை இழக்கும்போது தலைவருக்கு மட்டும் செலவில்லை, கொஞ்சம் வரவும்கூட. இந்த ஒரு தகவலை நடிப்பவரின் அட்டையில் மட்டும் எழுதுங்கள். மற்ற ஏழு பேருக்கும் சொல்ல வேண்டாம்.

இன்னொரு கணக்கும் பேச்சுக்குள் வர வேண்டும். வரி வருமானத்தின் மேல் விழவில்லை, கூரையின் மேல் விழுகிறது. மூன்று மனைவியர் உள்ள ஒரு பெரியவரின் முற்றத்தில் அவருக்கு ஒரு வீடு, அவர்களுக்கு ஆளுக்கொரு வீடு என்று நான்கு கூரை இருக்கும். அவர் ஒரு பவுன் கட்ட வேண்டும். போர்ட் லோக்கோவில் பனங்கொட்டைப் பருப்பு விற்றுக் காசு பார்த்தவர் ஒரே வீட்டில் இருந்தால் 5 ஷில்லிங்தான். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. உள்நாட்டில் பெரும்பாலும் பண்டமாற்றுத்தான், நாணயம் அரிது. வரி கட்டக் காசு வேண்டும், காசு வேண்டுமானால் வியாபாரியிடம் போக வேண்டும், போனால் அவர் சொன்ன விலைக்கு விற்க வேண்டும்.

மூன்றாவதாக வருவது காசுக் கணக்குக்கு அப்பாற்பட்டது. தலைவர்களின் எதிர்ப்பில் திரும்பத் திரும்ப வந்த வாதம், தொகை அதிகம் என்பது மட்டும் அல்ல. தன் வீட்டுக்கு ஒருவன் வேறொருவனிடம் பணம் கட்டினால் அந்த வீடு இனி அவனுடையது அல்ல என்பதுதான் அவர்கள் புரிந்துகொண்ட பொருள். அது வாடகை. வாடகை வாங்குகிறவன்தான் சொந்தக்காரன். ஃப்ரீடவுன் அதிகாரிகள் இதைப் படிக்காதவர்களின் தவறான எண்ணமாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வழக்கும் வருமானமும் ஒவ்வொன்றாகக் கைமாறிக்கொண்டிருந்த அந்த இரண்டு வருடங்களைப் பார்த்தால், அவர்கள் சரியாகவே கணித்திருக்கிறார்கள்.

இனி மாதிரிப் பேச்சு. இதை மனப்பாடம் செய்ய வைக்க வேண்டாம். தலைவராக நடிப்பவருக்கு மட்டும் ஒருமுறை படித்துக் காட்டிவிட்டு, அவரைத் தம் பேச்சைத் தாமே எழுதச் சொல்லுங்கள்.

"பெரியவர்களே, கோலாக் கொட்டை எல்லார் கைக்கும் வந்துவிட்டது. இனி நான் பேசலாம்.

போர்ட் லோக்கோவுக்குப் போன நம் ஆள் நேற்று இரவு திரும்பினான். அவன் கேட்டுவந்ததை அப்படியே சொல்கிறேன். அதில் என் சொல் ஒன்றும் இல்லை. வீடு ஒன்றுக்கு ஐந்து ஷில்லிங். இந்த வருஷம் மட்டும் இல்லை, இனி வருஷா வருஷம். வயசு கிடையாது, விளைச்சல் கிடையாது. கூரை இருந்தால் ஐந்து ஷில்லிங்.

விடியும் முன்னே எழுந்து ஊரைச் சுற்றி வந்தேன். வீடுகளை எண்ணினேன். நாற்பத்திரண்டு. என் அப்பா இந்த ஊரை முப்பது வருஷம் பார்த்துக்கொண்டார். அவர் ஒரு நாளும் வீட்டை எண்ணியதில்லை. ஆளை எண்ணுவார், நெற்குதிர்களை எண்ணுவார். நான் எண்ணிவிட்டேன். எண்ணியபோதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது, யாருக்காகவோ எண்ணுகிறேன் என்று.

மொத்தம் இருநூற்றுப் பத்து ஷில்லிங். நம்மில் யாராவது அத்தனை காசை ஒரே இடத்தில் பார்த்திருக்கிறோமா? அண்ணே, உங்கள் முற்றத்தில் நாலு வீடு. உங்களுக்கு இருபது ஷில்லிங். அதோ அந்தக் கோடியில் கண் தெரியாத கிழவி இருக்கிறாளே, அவள் குடிசைக்கும் ஐந்து. நெல்லை விற்கலாம் என்பீர்கள். விற்கலாம். விலை சொல்வது நாமா, வாங்குகிறவனா? இப்போது குதிர் நிறைந்திருக்கிறது. மழை பிடித்த பிறகு அடுத்த அறுவடை வரைக்கும் பிள்ளைகளுக்கு எதைப் போடுவோம்?

இந்த மரத்தை நம் பாட்டன் வெட்டினார். இந்தக் கூரையை நாம் மேய்ந்தோம். அடுத்தவன் வீட்டில் இருப்பவன்தான் இருப்பதற்குக் கொடுப்பான். இன்றைக்கு நாம் கொடுத்துவிட்டால், நாளைக்கு ஒரு போலீஸ்காரன் திண்ணையில் வந்து உட்கார்ந்து, இது யார் வீடு என்று கேட்டால் என்ன சொல்வது?

கொடுக்காமல் இருக்கலாம். அப்போது என்ன ஆகும் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். துப்பாக்கியோடு வருவார்கள். வருகிறவர்களில் நம் பக்கத்து ஊரில் அடிமையாக இருந்து ஓடியவன் ஒருவன் இருக்கிறான். அவன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான். என்னைக் கட்டி நடத்திக்கொண்டு போவான். அதை நான் பொறுத்துக்கொள்வேன். நீங்கள் பார்த்துக்கொண்டு இருப்பீர்களா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. வசூலித்துத் தருகிறவனுக்கு வீட்டுக்கு மூன்று பென்ஸ் உண்டாம். அதாவது எனக்கு. பிறர் சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட நான் சொல்வது நல்லது.

பெரிய தலைவர் இன்னும் ஆள் அனுப்பவில்லை. கஸ்ஸேயில் பை புரே கொடுக்க மாட்டார் என்று சந்தையில் பேசிக்கொள்கிறார்கள். அவர் பழைய போர்வீரர், அவருக்கு ஆட்கள் இருக்கிறார்கள். நமக்கு நாற்பத்திரண்டு வீடு.

யாரிடம் காசு இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. ஒன்று மட்டும் தெரிய வேண்டும். ஊர் ஒரு முடிவு எடுத்த பிறகு, ராத்திரியில் தனியாகப் போய்த் தன் ஐந்து ஷில்லிங்கைக் கட்டிவிட்டு வருகிறவர் இந்த இடத்தில் இருக்கிறாரா? இருந்தால் இப்போதே சொல்லட்டும். கோபப்பட மாட்டேன்."

இந்தப் பேச்சில் தலைவர் "கொடுப்போம்" என்றும் சொல்லவில்லை, "கொடுக்க மாட்டோம்" என்றும் சொல்லவில்லை. அதுதான் இந்தப் பாத்திரத்தின் உயிர். வரியைப் போட்டது அவர் அல்ல. விலக்கும் அதிகாரமும் அவருக்கு இல்லை. ஆனால் வசூலிக்க வேண்டியவரும் அவரே, வசூலாகாவிட்டால் முதலில் பிடிபடுபவரும் அவரே. அப்படிப்பட்டவர் தன் கருத்தை முதலில் போட்டுவிட்டால் அவை முழுவதும் அதற்கு ஆமாம் போடும், பின்னால் விளைவு வந்தால் பழி அவர் மேல் விழும். அதனால் செய்தியைச் சொல்கிறார், கணக்கைச் சொல்கிறார், இரண்டு பக்க ஆபத்தையும் சொல்கிறார், முடிவை அவையின் மடியில் போடுகிறார். அவருடைய உண்மையான பயம் வரி அல்ல, ஊர் இரண்டாகப் பிளப்பதுதான் என்பது கடைசிக் கேள்வியில்தான் வெளிப்படுகிறது.

மூன்று பென்ஸை எங்கே சொல்வது என்பதை நடிப்பவரே முடிவு செய்யட்டும். மாதிரியில் தானாகச் சொல்லிவிடுகிறார். மறைத்தும் நடிக்கலாம். மறைப்பது என்றால், அவையில் வியாபாரியாக நடிப்பவரின் அட்டையில் "வசூலிப்பவருக்கு ஏதோ பங்கு உண்டு என்று சந்தையில் கேள்விப்பட்டாய்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எப்போது கேட்பது என்பது அவர் விருப்பம். இந்தக் கேள்வி எழுந்த கணத்தில் தலைவர் தடுமாறுகிறாரா, சிரித்து மழுப்புகிறாரா, கோபப்படுகிறாரா என்று கவனியுங்கள். எழுதிவைத்த பேச்சு முடிந்து நடிப்பு தொடங்குவது அங்கேதான்.

பயிற்சி கெடுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். தலைவராக வருபவர் வீரராகிவிடுவார். முதல் வாக்கியத்திலேயே குரல் உயரும், "அந்நியனுக்குத் தலைவணங்க மாட்டோம்" என்பார், வகுப்பு கைதட்டும். கைதட்டு விழுந்தால் பேச்சு தோற்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவையில் இருப்பவர்களுக்குப் பேச எதுவும் மிச்சம் இல்லை, ஏழு பேரும் தலையாட்டிவிட்டு ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுவார்கள். பேச்சு முடிந்ததும் ஒரு நொடி அமைதி நிலவி, பிறகு இரண்டு பேர் ஒரே சமயத்தில் வாயைத் திறந்தால் நன்றாக நடக்கிறது என்று பொருள். வீரராகிவிட்ட தலைவரை நடுவில் நிறுத்தித் திருத்த வேண்டாம். "கிழவிக்கு யார் கட்டுவது?" என்று அவையில் ஒருவரைக் கேட்க வையுங்கள், தானாகத் தரைக்கு இறங்குவார்.

நம் மாணவர்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஊர்த் தலைவர் என்றதும் சினிமா நாட்டாமை வந்து உட்கார்ந்துவிடுவார். ஆலமரம், சொம்பு, தோளில் துண்டு, கடைசியில் ஒரு தீர்ப்பு. டெம்னே ஊரில் அவை கூடுவது பக்கங்கள் திறந்த கூரைக் கொட்டகையில். வந்தவர்களுக்குக் கோலாக் கொட்டை கொடுத்துவிட்டுத்தான் பேச்சு தொடங்கும். மேலும் இவர் இன்று தீர்ப்புச் சொல்ல வந்தவர் அல்ல. கொங்கு வழக்கோ மதுரை வழக்கோ வேண்டாம், யாரையும் எந்த ஜில்லாவுக்கும் கொண்டுபோகாத எளிய பேச்சுத் தமிழ் போதும். அதேபோல் அவர் வாயில் "ஏகாதிபத்தியம்", "ஆப்பிரிக்கர்களாகிய நாம்", "சுதந்திரம்" போன்ற சொற்கள் வரக்கூடாது. அவருக்குத் தெரிந்தது தன் ஊர், பெரிய தலைவர், போர்ட் லோக்கோ, ஃப்ரீடவுனில் ஒரு கவர்னர், அவருக்கும் மேலே கடலுக்கு அப்பால் ஒரு ராணி. அடுத்த மாதம் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியாது. பாடப்புத்தகம் படித்த மாணவருக்குத் தெரியும் என்பதுதான் தொல்லை.

அவையில் இருப்பவர்களுக்கான அட்டைகளில் மூன்றை மட்டும் கவனமாக எழுதினால் போதும். நான்கு வீட்டுக்காரருக்கு ஒரு யோசனை கொடுங்கள்: மூன்று மனைவியரையும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கச் சொல்லிவிட்டு மற்ற இரண்டு வீட்டையும் பிரித்துவிட்டால் வரி பாதியாகும் அல்லவா? கேட்கச் சாமர்த்தியம் போலத் தோன்றும். யாராவது அந்த மனைவியரைக் கேட்டீர்களா என்று கேட்கும்போதுதான் வீடு என்பது அங்கே என்னவென்று புரியத் தொடங்கும். வியாபாரிக்கு 5 ஷில்லிங் பெரிதல்ல. வழி மூடினால், சண்டை வந்தால்தான் அவருக்கு நஷ்டம். ஊருக்காகத் தானே கடன் தருவதாகவும் அவர் சொல்லலாம். அந்தக் கடனை எதைக் கொண்டு அடைப்பது என்று யாராவது கேட்க வேண்டும்.

மூன்றாவது அட்டையைக் கொடுக்க ஆசிரியர்கள் தயங்குவார்கள். இந்தப் பெரியவரின் அடிமைகள் இருவர் போன வருடம் ஓடிப்போனார்கள். பழைய காலமாக இருந்தால் திருப்பிப் பிடித்திருப்பார், இப்போது முடியாது. வரியைப் பற்றிப் பேசும்போது அவருக்குள் எரிவது அந்தக் கோபமும்தான். பிரிட்டிஷ் ஆட்சியின் எல்லைக் காவல் போலீஸில் சேர்ந்தவர்களில் ஓடிவந்த முன்னாள் அடிமைகளும் இருந்தார்கள். சீருடையோடு பழைய ஊருக்குத் திரும்பி வந்து தலைவர்களை அவமானப்படுத்தினார்கள் என்பது அக்காலப் புகார்களில் முக்கியமானது. எதிர்த்தவர்களின் நியாயத்துக்குள் இந்த நியாயமற்ற பகுதியும் கலந்திருந்தது. அதை மறைத்து நடத்தினால் பயிற்சி மேடை நாடகமாகிவிடும்.

அவை முடிவெடுத்த பிறகு, அது எந்த முடிவாக இருந்தாலும், அதற்குரிய ஒரு தாளைத் தலைவர் கையில் கொடுங்கள். முன்கூட்டியே இரண்டு தாள் எழுதி வைத்திருங்கள். கொடுக்க மாட்டோம் என்று முடிவெடுத்திருந்தால் முதல் தாளைத் தலைவர் படிக்கட்டும். 1898 பிப்ரவரியில் மாவட்ட அதிகாரி கேப்டன் ஷார்ப் போர்ட் லோக்கோவில் தலைவர்களைக் கைது செய்தார். பிறகு கஸ்ஸே தலைவர் பை புரேயைப் பிடிக்கப் போனபோது சண்டை மூண்டது. மாதக்கணக்கில் வடக்கே ஊர்கள் எரிந்தன. ஏப்ரல் இறுதியில் தெற்கே மெண்டே நாட்டிலும் கிளர்ச்சி வெடித்தது. அங்கே வரியோடு எந்தத் தொடர்பும் இல்லாத பலரும் கொல்லப்பட்டார்கள். நவம்பரில் பை புரே பிடிபட்டு கோல்டு கோஸ்டுக்கு நாடு கடத்தப்பட்டார். 1905-இல்தான் திரும்பினார்.

கொடுப்போம் என்று முடிவெடுத்திருந்தால் இரண்டாம் தாள். தெற்கே மெண்டே தலைவி மேடம் யோக்கோ வரியை ஏற்று, தன் மக்களையும் கட்டச் சொன்னார். ஆட்சி அவரைக் கைவிடவில்லை, பின்னாளில் அவர் அதிகாரம் வளர்ந்தது. ஆனால் கிளர்ச்சியின்போது அவருடைய மக்களிலேயே பலர் அவருக்கு எதிராகத் திரும்பினார்கள்.

இரண்டு தாளையும் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். எடுத்த முடிவுக்குரியதை மட்டும் படித்துவிட்டு, அவையில் இருந்தவர்களையே பேச விடுங்கள். இன்னொரு தாளை அடுத்த நாள் கொடுக்கலாம். மூன்றாவது நாள் நேரம் இருந்தால், லண்டன் அனுப்பிய விசாரணை ஆணையர் டேவிட் சாமர்ஸ் கிளர்ச்சிக்கு வரியே காரணம், அதை நீக்க வேண்டும் என்று எழுதியதையும், கவர்னர் கார்டூ மறுத்ததையும், காலனிகளின் அமைச்சர் சேம்பர்லேன் கவர்னர் பக்கம் நின்று வரியை வைத்துக்கொண்டதையும் சொல்லுங்கள். பிறகு தலைவராக நடித்த மாணவரிடம் ஒரே ஒரு வேலை கொடுங்கள். அந்த ஆணையர் முன் சாட்சி சொல்ல அதே ஊர்த் தலைவர் அழைக்கப்பட்டிருக்கிறார் என்று வைத்துக்கொண்டு, முன்பு அவையில் பேசியதில் எதையெல்லாம் சொல்வார், எதையெல்லாம் விட்டுவிடுவார் என்று அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். மூன்று பென்ஸ் அதில் வருகிறதா என்று பாருங்கள்.